ஒன்பதாம் இடத்துத் தட்டு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் வாசல் காவலாளி முதல் மாடியறை அதிகாரிகள் வரை எல்லோருக்கும் அவள் தட்டம்மா. வம்பு பிடித்த சிலர் கடைசி எழுத்தை மட்டும் மாற்றித் தட்டம்மை என்பார்கள். வந்தால் லேசில் போகாது என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்கள். அவள் காதில் அது விழாமல் இல்லை.

"அம்மை ஒருத்தருக்கு ஒரு தடவைதான் வரும். நான் தினமும் வருவேன்" என்பாள்.

அங்கே தயாரானது கண் சொட்டு மருந்து. கண்ணில் விடுகிற மருந்தில் ஒரு கிருமி இருந்தாலும் வம்பு. அதனால் குப்பிகளில் மருந்தை நிரப்பும் அறையைச் சுத்த அறை என்று தனியாகக் கட்டியிருந்தார்கள். கூரையிலிருந்து வடிகட்டிய காற்று ஓயாமல் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை கிருமி நீக்கிய அங்கியில் புகுந்துகொள்ள வேண்டும். தலையுறை, முகத்திரை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடிக் கவசம், கையில் இரண்டடுக்கு உறை. ஒருவரை ஒருவர் நடையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, அறை உண்மையிலேயே சுத்தமாக இருக்கிறதா என்று யார் சொல்வது? அதற்குத்தான் தட்டம்மா.

அவள் கொண்டுபோவது உள்ளங்கை அகலத்தில் மூடிபோட்ட வட்டத் தட்டுகள். உள்ளே கிருமிகளுக்குப் பிடித்த சத்துகளைக் கலந்து கூழாக உறைய வைத்திருப்பார்கள். குறித்த இடங்களில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வந்தால், காற்றில் மிதப்பது எதுவோ அது தானாக வந்து உட்காரும். நான்கு மணி நேரம்தான். அதற்கு மேல் போனால் கூழ் காய்ந்து, வந்து விழுந்தது முளைக்காமலே போய்விடும். காற்றில் இருப்பது தானாக வந்து விழட்டும் என்று காத்திருப்பது மட்டும் போதாது. ஏர் சாம்ப்ளர் என்ற கருவியையும் பக்கத்தில் வைப்பாள். அது பத்து நிமிடத்தில் ஆயிரம் லிட்டர் காற்றை உறிஞ்சி இன்னொரு தட்டின் மேல் அடிக்கும். பிறகு எல்லாத் தட்டுகளையும் மூடி, ஆய்வுக்கூடத்து அலமாரியில் மூன்று நாள் மிதமான சூட்டிலும் இரண்டு நாள் கொஞ்சம் கூடுதல் சூட்டிலும் வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வந்து விழுந்த ஒவ்வொன்றும் பெருகிப் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் அவள் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு பழக்கத்தை மட்டும் அவள் உயிர்போனாலும் விடமாட்டாள். தட்டின் விவரத்தை மூடியில் எழுதக் கூடாது, அடிப்பாகத்தில்தான் எழுத வேண்டும். மூடி மாறிப் போகும், அடி மாறாது. இடம், தேதி, திறந்த நேரம், எல்லாம் அடியில். வீட்டிலும் அதே கதைதான். பருப்பு டப்பாவைத் தூக்கித் தலைகீழாகப் பார்த்தால் அடியில் தேதி இருக்கும். எழுத்து அழியாமல் இருக்க மேலே கண்ணாடி போன்ற ஒட்டுத்தாள் வேறு.

"உப்பு டப்பாவுக்கு எதுக்குடி தேதி? அது கெட்டா போகும்?" என்று கேட்டால், "தங்கச்சி, ஒழுங்குன்னா ஒழுங்கு" என்பாள். கேட்பவள் அவள் தங்கை. தன்னை அக்கா 'டி' போட்டுக் கூப்பிடுவதற்குப் பழிவாங்க, தானும் எப்போதாவது 'டி' போடுவாள். கீழ்வீட்டில் தங்கை குடும்பம், மேல்மாடியில் இவள் ஒருத்தி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் ஒரு வருத்தமும் இல்லை. தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்தால், கீழேயிருந்து ஒரு பீங்கான் கிண்ணம் ஏறி வரும். அன்று என்ன சமைத்தாளோ அது, மேலே ஒரு தட்டால் மூடி. சாப்பிட்டுக் கழுவி, நீர் வடியக் கவிழ்த்து வைத்து, மறுநாள் வேலைக்குப் போகும்போது கீழே கொடுத்துவிட்டுப் போவாள். அக்கா தங்கை பாசத்தை வாயால் பேசிக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. கிண்ணம் பேசிக்கொண்டிருந்தது.

தங்கையின் கணவர் இதே தொழிற்சாலையில், அதே சுத்த அறையில், குப்பி நிரப்பும் இயந்திரத்தருகே நிற்பவர். இவள் சொல்லித்தான் ஒன்பது வருடத்துக்கு முன் சேர்ந்தார். அட்டைப்பெட்டி மடிக்கும் பகுதியில் தொடங்கி, ஒவ்வொரு தேர்வாக எழுதி, அங்கி அணியும் சோதனையிலெல்லாம் தேறி, உள்ளே நிற்கும் தகுதியை வாங்கியவர். அதிர்ந்து பேசாத மனிதர். ஐந்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார், அதிலும் ஒன்று "சரி" என்பதாக இருக்கும்.

அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சுவரோரம், முழங்கால் உயரத்தில் ஒரு சிறிய எஃகுத் தாங்கி இருந்தது. தட்டம்மாவின் வரைபடத்தில் அதுதான் ஒன்பதாம் இடம்.

*

அன்று காலை தட்டுகளை எண்ண உட்கார்ந்தாள். எண்ணும் மேசையில் கீழிருந்து வெளிச்சம், மேலே பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி. குப்பிக்கு மருந்து இறங்கும் ஊசியருகே வைத்த தட்டுகளை முதலில் பார்த்தாள். அங்கே எல்லை என்பதே பூஜ்யம். ஒரு புள்ளி தெரிந்தாலும் ஊரைக் கூட்ட வேண்டும். நல்ல வேளை, எல்லாம் பளிங்கு மாதிரி இருந்தன. பிறகு சுற்றுப்புற அறையின் தட்டுகள். ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. ஒன்பதாம் இடத்துத் தட்டை எடுத்தாள்.

சுற்றுப்புற அறைக்கு இரண்டு எல்லை வைத்திருந்தார்கள். மூன்றைத் தொட்டால் எச்சரிக்கை: குறித்துவைத்துக் கவனிக்க வேண்டும். ஐந்தைத் தாண்டினால் நடவடிக்கை: தயாரித்த மருந்தை நிறுத்திவைத்து, காரணம் தெரியும்வரை விசாரிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் இதே ஒன்பதில் நான்கு முளைத்திருந்தது. அப்போதே குறித்தாயிற்று. ஒரே இடத்தில் எச்சரிக்கைக்குப் பின் நடவடிக்கையும் வந்தால், அங்கே நிற்பவர் விசாரணை முடியும்வரை சுத்த அறைக்குள் போகக் கூடாது. காரணம் அவர்தான் என்று முடிந்தால், பழையபடி அட்டைப்பெட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே நிற்பவர் மாப்பிள்ளை.

எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

அப்பாடா என்று மூச்சுவிட்டவள், விட்ட மூச்சைப் பாதியில் பிடித்தாள். ஐந்தாவது புள்ளி மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. உருப்பெருக்கியை அருகே இழுத்தாள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் இளமஞ்சள். நடுவில் மயிரிழை போல ஒரு கோடு. ஒட்டிக்கொண்டு வளர்ந்த இரண்டு.

வெறும் கண்ணுக்கு ஐந்து. கண்ணாடி வழியே ஆறு.

ஐந்து என்று எழுதினால் எல்லைக்குள். இன்னொரு எச்சரிக்கை, அவ்வளவுதான். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அடுத்த மேசையில் இருந்தவர் எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் சக ஊழியர். பத்து வருடமாக எல்லாத் தாளிலும் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டுப் போட்டு, இரண்டாங்கையெழுத்து என்றே பெயராகிவிட்டது. அவர் பேனாவைத் திறந்தபடி வந்தார்.

"என்ன தட்டம்மா, ஒன்பது எவ்வளவு? அஞ்சா? போட்டுடவா?"

"பார்க்காமலேயே போடுறீங்களே."

"உங்க கணக்குக்கு மேல நான் என்னத்தைப் புதுசா எண்ணிடப் போறேன்?"

அந்த ஒரு வார்த்தை அவளைச் சுட்டது. இத்தனை வருட நம்பிக்கை அது. இன்று அதை வைத்துத்தான் திருட முடியும். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. கண்ணாடி வழியா எண்ணுங்க. எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன்."

அவர் எண்ணினார். திரும்ப எண்ணினார். பிறகு கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே மெதுவாகக் கேட்டார்.

"அந்த இடத்துல நிக்கிறது உங்க மாப்பிள்ளைதானே?"

"தட்டுக்கு அது தெரியாது. எவ்வளவு?"

"ஆறு."

அவள் ஆறு என்று எழுதினாள். அந்த ஆறின் வால் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

*

தர அதிகாரி உடனே மருந்தை நிறுத்திவைத்து, நிரப்பும் வேலையையும் நிறுத்தினார். எதற்கெடுத்தாலும் எல்லை எல்லை என்பதால் அவருக்கு எல்லைச்சாமி என்று பெயர். நல்ல மனிதர், ஆனால் சிரிப்பதற்குக் கூட ஒரு மேல்வரம்பு வைத்திருப்பவர். மாப்பிள்ளையின் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை அட்டைப்பெட்டிப் பகுதிக்கு அனுப்பினார்.

சாயங்காலம் தட்டம்மா மாடிப்படியில் கால் வைக்கும்போதே தங்கை கதவருகே நின்றாள்.

"ஒட்டிக்கிட்டு இருந்ததாமே ரெண்டும்?"

"ஆமா."

"ஒண்ணாத்தானே தெரிஞ்சுது? ஒண்ணுன்னு எழுதினா உன் கை ஒடிஞ்சா போயிடும்?"

"ரெண்டு இருந்துச்சுடி."

"ஒன்பது வருஷம்க்கா. அந்த மனுஷன் ராத்திரி பகலா படிச்சு உள்ளே போனது உனக்குத் தெரியும். உன் கண்ணுல விளக்கெண்ணெயை ஊத்திக்கிட்டுப் பார்க்கிறதுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?"

கதவு சாத்திக்கொண்டது. அன்று கிண்ணம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. முந்தின நாள் வந்து, அன்று காலை கீழே கொடுக்க மறந்துபோன கிண்ணம் கழுவிக் கவிழ்த்தபடி மேல்மாடி அலமாரியிலேயே கிடந்தது. அதைக் கீழே கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதன் அடிப்பாகம்தான் கண்ணில் பட்டது. அடியில் ஏதோ கரும்பூச்சாக இருந்தது. கடைக்காரன் முத்திரை போல. பார்க்க மனம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாள்.

எட்டு நாள் தங்கை முகம் கொடுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் படியில் பார்த்தால் எப்போதும்போலத் தலையசைத்தார். அது அவளை இன்னும் வாட்டியது. திட்டியிருந்தால் தேவலை.

*

கிருமிகளின் அடையாளம் வந்துவிட்டது. ஆறும் மனிதத் தோலில் குடியிருக்கும் சாதாரணக் கிருமிகள். சுவரிலிருந்தோ அட்டைப்பெட்டியிலிருந்தோ வந்தவை அல்ல. அப்படியானால் ஆளிடமிருந்துதான். எல்லைச்சாமி மூன்று பேரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்: மாப்பிள்ளை, இரண்டாங்கையெழுத்து, தட்டம்மா. சுத்த அறையின் கேமராப் பதிவைத் திரையில் ஓடவிட்டார்.

"ஒண்ணு எனக்கு இடிக்குது" என்றார் எல்லைச்சாமி. "அன்னிக்கு இவர் வெளியே வரும்போது விரலையும் அங்கியையும் தட்டுல ஒத்தி எடுத்ததுல எல்லாமே பூஜ்யம். ஆனா ஒன்பதுல ஆறு. எப்படி?"

படம் ஓடியது. திரையில் மாப்பிள்ளை ஆணி அடித்தது போல நின்றார். கை மார்புக்குக் கீழே இறங்கவில்லை, தோளுக்கு மேலே ஏறவில்லை. திரும்ப வேண்டுமானால் உடம்பு முழுவதும் மெல்லத் திரும்பியது. பாடப் புத்தகத்தில் போடலாம். ஒரு மணி நேரத்தை வேகமாக ஓட்டியும் தவறு சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"ரொம்ப நல்லா நிக்கிறீங்க, எனக்கே தூக்கம் வருது" என்றார் இரண்டாங்கையெழுத்து.

அப்போது திரையின் இடது ஓரத்திலிருந்து இன்னொரு வெள்ளை உருவம் வந்தது. கையில் ஏர் சாம்ப்ளர். ஒன்பதாம் இடத்துத் தாங்கியில், திறந்திருந்த தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தது. பொத்தானை அழுத்தியது. பிறகு குனிந்தது. நன்றாகக் குனிந்தது. கருவியின் சின்னத் திரையில் ஓடும் எண்ணைப் படிக்க, ஊசியில் நூல் கோப்பவள் மாதிரி முகத்தைக் கொண்டுபோய் வைத்தது. ஒரு தடவை அல்ல. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. குனியும்போதெல்லாம் கழுத்துக்குப் பின்னால் அங்கிக்குள் செருகியிருந்த தலையுறையின் ஓரம் மெல்ல வெளியே வந்தது. நேராக அதன் கீழே, வாயைத் திறந்தபடி, தட்டு.

அறையில் மற்ற மூன்று பேரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் பார்வை மாப்பிள்ளையின் மேல் இருந்தது. அளக்க வந்தவளை யார் பார்ப்பார்கள்? தட்டம்மா மட்டும் பார்த்தாள். தன் நடையைத் தானே அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது.

"நிறுத்துங்க" என்றாள். "அது நான்."

"நீங்கதான். சாம்பிள் எடுக்க வந்தீங்க" என்றார் எல்லைச்சாமி.

"அதைச் சொல்லலை. அந்த ஆறும் என்னோடது. கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க. என் கழுத்தைப் பாருங்க."

அவர் பின்னால் ஓட்டினார். இப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

"எனக்கும் அன்னிக்கு வெளியே வரும்போது ஒத்தி எடுத்தோம். என் தட்டை நான் எண்ணக் கூடாது, நீங்கதான் எண்ணினீங்க" என்று இரண்டாங்கையெழுத்தைப் பார்த்தாள். "தலையுறையில எவ்வளவு?"

அவர் தாளைப் புரட்டினார். "நாலு. எல்லைக்குள்ளதான் இருந்துச்சு, அதனால..."

"அதனால யாரும் திரும்பிப் பார்க்கலை. என்ன நிறம்?"

"மஞ்சளும் வெள்ளையும்" என்றார் அவர், குரல் இறங்கி.

அந்த நாலையும் அடையாளம் பார்க்க அனுப்பினார்கள். அதே ஜாதிக் கிருமிகள்தான் என்று வந்தது. இரண்டு வாரத்துக்கு முந்தைய பதிவையும் எடுத்தார்கள். அதிலும் அதே குனிதல். வெளியே ஒரு சாதாரண அறையில் அவளை அங்கி போடச் சொல்லிக் குனியவும் சொன்னார்கள்; மூன்றாவது குனிதலில் தலையுறை கழுத்திலிருந்து கழன்றது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கண் மருந்து செய்யும் இடத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவளுக்குத் தன் கண் மங்கியது தெரியவில்லை. எண்ணும் மேசையில் உருப்பெருக்கி இருந்ததால் அது அவளை இத்தனை நாள் காட்டிக்கொடுக்கவில்லை.

எல்லைச்சாமி மாப்பிள்ளையின் நுழைவு அட்டையை மேசை டிராயரிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு தட்டம்மாவிடம் கை நீட்டினார். அவள் தன் அட்டையைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள்.

"கண் டாக்டரைப் பாருங்க. அங்கி போடுற சோதனையில மூணு தடவை புதுசாத் தேறுங்க. அப்புறம் வாங்க" என்றவர், தன் மேல்வரம்பைத் தாண்டிச் சிரித்தார். "நீங்க ஆறுன்னு எழுதலைன்னா நாம இந்தப் படத்தையே பார்த்திருக்க மாட்டோம். நன்றிம்மா."

*

சாயங்காலம் மாப்பிள்ளை மாடி ஏறி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாப்ள. மன்னிப்புக் கேட்கணும்னு நானே கீழே வர்றதா இருந்தேன்."

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னிக்குத் திரும்பும்போது நீங்க குனிஞ்சதைப் பார்த்தேன். உள்ளே பேசக் கூடாதேன்னு இருந்தேன். வெளியே வந்து சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம் ஆறுன்னு வந்துச்சு. நான் சொன்னா உங்களை மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும்." அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் அதிகமாகப் பேசியது அதுவாகத்தான் இருக்கும்.

தட்டம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கூடவே கோபமும் முட்டியது. இரண்டில் எது முதலில் வெளியே வருவது என்று கொஞ்ச நேரம் போட்டி நடந்தது. கோபம் ஜெயித்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? எட்டு நாள்! நீங்க வாயைத் திறக்காம அட்டைப்பெட்டி மடிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க, நான் திரும்ப உள்ளே போய்க் குனிஞ்சிருந்தா? அடுத்தது ஊசிக்குப் பக்கத்துல குனிஞ்சிருந்தா? யாரோ ஒருத்தர் கண்ணுல போற மருந்து அது!"

"சரி" என்றார் மாப்பிள்ளை.

"சரியாம் சரி!" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காகவா இப்படி இருந்தீங்க?"

"நீங்க எனக்காக அஞ்சுன்னு எழுதலை. எழுதியிருந்தா அடுத்த வாரம் மறுபடி வந்திருக்கும், அதுக்கடுத்த வாரமும் வந்திருக்கும். காரணம் யாருக்கும் தெரியாமலே நான் வெளியே போயிருப்பேன்." தரையைப் பார்த்துச் சொன்னார். "நான்தான்க்கா நன்றி சொல்லணும்."

படிக்கட்டில் காலடி கேட்டது. தங்கை. எவ்வளவு நேரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ. கணவரைத் தாண்டி உள்ளே வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அலமாரியில் கவிழ்ந்திருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று கீழே போனாள். கால் மணி நேரத்தில் அது ஆவி பறக்கத் திரும்பி வந்தது.

தட்டம்மா அன்று அதைச் சாப்பிட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

*

கண் டாக்டரிடம் தங்கைதான் கூட்டிப்போனாள். கிட்டத்தில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடி, நாலைந்து வருடம் முன்பே போட்டிருக்க வேண்டியது என்றார் டாக்டர். செய்து வர ஒரு வாரம் என்றார்கள். அந்த வாரத்தில் அவள் வெட்டியாக உட்காரவில்லை. எல்லைச்சாமியிடம் போய், ஒன்பதாம் இடத்துத் தாங்கியை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற வேண்டும், ஏர் சாம்ப்ளரைத் தட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், ஓடும்போது பக்கத்தில் நிற்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். தான் போன பிறகு வேறு யாராவது வந்து அங்கே குனிந்து தொலைத்தால்? எழுதியதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். ஊசியருகே வைத்த தட்டுகள் சுத்தமாக இருந்ததாலும், பதினான்கு நாள் சோதனையில் மருந்தில் எதுவும் வளராததாலும், காரணமும் தெரிந்துவிட்டதாலும், நிறுத்திவைத்த மருந்து வெளியே போனது.

அங்கி போடும் சோதனையில் மூன்று தடவை தேறினாள். ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பில் ஒத்தி எடுத்த தட்டுகளை இரண்டாங்கையெழுத்து கண்ணாடி வழியாகவே எண்ணினார். இப்போதெல்லாம் அவர் பேனாவைத் திறப்பதற்கு முன் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று.

"அந்த ஒண்ணு?" என்று அவள் கேட்டாள்.

"எல்லைக்குள்ளதான். ஆனாலும் திரும்பிப் பார்த்துட்டேன்" என்றார்.

மூக்குக்கண்ணாடி கைக்கு வந்த நாள், சாயங்காலம் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அடியில் இருந்த கரும்பூச்சு பூச்சு அல்ல. எழுத்து. பொடிப்பொடியாக, மேலே ஒட்டுத்தாள் ஒட்டி, அவள் தட்டுகளில் எழுதுவது போலவே வரிசையாக எழுதியிருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தாள்.

இடம்: மேல்மாடி.
திறந்த தேதி: அக்கா பிறந்தநாள்.
திறந்து வைக்கும் நேரம்: எப்பவும்.
எல்லை: கிடையாது.

அவள் பிறந்தநாள் ஆறு மாதத்துக்கு முன்னால். அப்படியானால் அந்த எட்டு நாளும், பேச்சு வார்த்தை இல்லாமல், கிண்ணம் இதைச் சொல்லிக்கொண்டுதான் அவள் முகத்துக்கு எதிரே கவிழ்ந்து கிடந்திருக்கிறது.

படியில் செருப்புக்கூடப் போடாமல் இறங்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். தங்கை திறந்தாள். அக்காவின் கையில் கிண்ணத்தையும் மூக்கில் புதுக் கண்ணாடியையும் பார்த்தாள்.

"இப்பத்தான் படிச்சியா?"

"இப்பத்தான் தெரிஞ்சுது."

"ஆறு மாசமாச்சு, நீ ஒரு வார்த்தை கேட்கலை. படிச்சுட்டுத்தான் சும்மா இருக்கேன்னு நினைச்சு எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா?" என்று சொன்ன தங்கையின் குரல் பாதியில் உடைந்தது. "மூடியில எழுதியிருந்தாலாவது கண்ணுல பட்டிருக்கும்."

"மூடி மாறிடும்டி" என்றாள் தட்டம்மா.